வினாத்தாளையும் திருத்த வேண்டும்

2024 மே மாதம் நடந்த நீட் தேர்வின் இயற்பியல் பகுதியில் அணுக்களைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. இரண்டு கூற்றுகளைக் கொடுத்து, எது சரி, எது தவறு என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, அவை தமக்கே உரிய நிறமாலையை வெளியிடும் என்பது இரண்டாவது கூற்று. என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய பாடநூலைப் படித்தவருக்கு அது சரி. புதிய பதிப்பைப் படித்தவருக்கு அது தவறு, ஏனென்றால் அதில் ‘பெரும்பாலான’ தனிமங்கள் என்று திருத்தியிருந்தார்கள். கதிரியக்கத் தனிமங்களின் அணுக்கள் நிலையானவை அல்ல என்பது பள்ளி மாணவர்களுக்கே தெரிந்த செய்தி.

தேர்வு முகமை முதலில் இரண்டு விடைகளுக்குமே மதிப்பெண் தந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி டெல்லி ஐ.ஐ.டி. மூன்று நிபுணர்கள் கொண்ட குழுவை அமைத்தது. ஒரு விடைதான் சரி என்று அந்தக் குழு சொன்னது. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 மதிப்பெண் குறைப்பு என்பதால், மற்ற விடையைத் தேர்ந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 மதிப்பெண் குறைந்தது. முதலில் 720க்கு 720 பெற்றதாக அறிவிக்கப்பட்டவர்கள் 67 பேர். ஜூலை இறுதியில் வெளியான திருத்திய முடிவில் அந்த எண்ணிக்கை 17 ஆகிவிட்டது.

ஒரே ஒரு கேள்வியில் ஒரு சொல்லின் கதை இது. பல லட்சம் பேர் எழுதும் தேர்வு என்பதால் வெளியே தெரிந்தது. ஊர்ப்பள்ளியின் இடைத்தேர்வில் இதே தவறு நடந்தால் யாரும் வழக்குப் போடுவதில்லை. ‘கேள்வியை ஒழுங்காகப் படி’ என்று பிள்ளைதான் வீட்டில் திட்டு வாங்கும்.

மாணவர் எழுதிய விடைத்தாளைத் திருத்தப் பள்ளிகளில் நெறிமுறைகள் இருக்கின்றன. ஆசிரியர் எழுதிய வினாத்தாளைத் திருத்துவதற்கும் நெறி உண்டு. பலரும் அதை எழுத்துப்பிழை பார்ப்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். முறையாகச் செய்ய மூன்று பொருள்கள் போதும்: கட்டம் போட்ட ஒரு தாள், வெற்று விடைத்தாள் ஒன்று, ஒரு கடிகாரம்.

ஒரு மாதிரி வினாத்தாளை வைத்து இதைச் செய்து பார்க்கலாம். பத்தாம் வகுப்பு அறிவியல், 50 மதிப்பெண், ஒன்றரை மணி நேரம். பாடங்கள் ஐந்து: இயக்க விதிகள், ஒளியியல், வெப்ப இயற்பியல், மின்னோட்டவியல், ஒலியியல். பொதுத்தேர்வில் உள்ளதுபோலவே 1, 2, 4, 7 மதிப்பெண் பகுதிகள். ஒரு மதிப்பெண் கேள்விகள் பத்து. இரண்டு மதிப்பெண்ணில் ஏழு கொடுத்து ஏதேனும் ஐந்து. நான்கு மதிப்பெண்ணில் ஆறு கொடுத்து ஏதேனும் நான்கு. ஏழு மதிப்பெண்ணில் இரண்டு கேள்விகள், இரண்டும் ‘அல்லது’ போட்டவை. தாள் கற்பனைதான், ஆனால் அதிலுள்ள பிழைகள் ஆசிரியர்களுக்கு நன்கு பழக்கமானவை.

கட்டம் சொல்லும் கணக்கு

முதலில் பாடவேளைக் கணக்கு. இந்த ஐந்து பாடங்களை நடத்த 40 பாடவேளை ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம்: இயக்க விதிகளுக்கு 8, ஒளியியலுக்கு 10, வெப்ப இயற்பியலுக்கு 5, மின்னோட்டவியலுக்கு 10, ஒலியியலுக்கு 7. வகுப்பில் எவ்வளவு நேரம் செலவானதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் தாளிலும் இடம் கிடைக்க வேண்டும் என்பதே பொது விதி. ஆசிரியர்கள் ‘ப்ளூபிரிண்ட்’ என்று சொல்வது இந்தப் பங்கீட்டைத்தான்.

அடுத்து, அச்சில் இருக்கும் கேள்விகள் எல்லாவற்றின் மதிப்பெண்ணையும் கூட்ட வேண்டும். விருப்பத் தேர்வுக்காகக் கூடுதலாகத் தந்தவையும் கணக்கில் சேரும். ஒரு மதிப்பெண்ணில் 10, இரண்டு மதிப்பெண்ணில் 14, நான்கு மதிப்பெண்ணில் 24, ஏழு மதிப்பெண்ணில் 28. ஆக மொத்தம் 76. பாடவேளை விகிதப்படி பிரித்தால் இயக்க விதிகளுக்கு 15, ஒளியியலுக்கு 19, வெப்ப இயற்பியலுக்கு 9 அல்லது 10, மின்னோட்டவியலுக்கு 19, ஒலியியலுக்கு 13 வர வேண்டும்.

வரைவில் இருப்பது வேறு. இயக்க விதிகள் 23, ஒளியியல் 31, வெப்ப இயற்பியல் 3, மின்னோட்டவியல் 15, ஒலியியல் 4.

இப்படி ஆவதற்குக் காரணம் எளிது. கேள்வி எடுப்பவர் பாடநூலை முதல் பக்கத்திலிருந்து புரட்டுகிறார். முதல் இரண்டு பாடங்களிலேயே நல்ல கேள்விகள் நிறையக் கிடைத்துவிடுகின்றன. கடைசிப் பாடத்துக்கு வரும்போது தாளில் இடம் இல்லை. ஒலியியல் மறந்துபோகவில்லை என்பதற்காக ஒரு நான்கு மதிப்பெண் கேள்வி சேர்கிறது. தாளை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஐந்து பாடங்களும் வந்ததாகவே தோன்றும். கட்டம் போட்டால்தான் உண்மை தெரியும்.

கட்டத்திலும் பாதி உண்மைதான் தெரியும். விருப்பத் தேர்வு இருக்கும் தாளில் இன்னொரு சோதனை தேவை: ‘எதையெல்லாம் படிக்காமலேயே எவ்வளவு வாங்கலாம்?’ இயக்க விதிகளையும் ஒளியியலையும் மட்டும் படித்துவிட்டு வரும் ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். ஒரு மதிப்பெண்ணில் அவருக்கு 7 கிடைக்கும். இரண்டு மதிப்பெண் ஏழில் ஐந்து அவருடைய பாடங்களிலிருந்தே வந்திருக்கின்றன, எனவே 10. நான்கு மதிப்பெண்ணில் தேவையான நான்கும் அங்கேயே இருப்பதால் 16. ஏழு மதிப்பெண் கேள்விகளில் முதலாவது ‘இயக்க விதிகள் அல்லது ஒளியியல்’, இரண்டாவது ‘ஒளியியல் அல்லது மின்னோட்டவியல்’. ஆகவே 14. மொத்தம் 50க்கு 47.

மீதி மூன்று பாடங்களையும் கரைத்துக் குடித்துவிட்டு வரும் ஒரு மாணவருக்கு அதே தாளில் கிடைப்பது 3, 4, 8, 7. கூட்டினால் 22. முதலாமவர் படித்தது 18 பாடவேளைக்கான பாடம், இரண்டாமவர் படித்தது 22 பாடவேளைக்கான பாடம். இருவரின் மதிப்பெண்ணையும் பார்க்கும் பெற்றோர் ஒருவரைக் கெட்டிக்காரர் என்றும் மற்றவரை மந்தம் என்றும் முடிவுகட்டுவார்கள். அந்தத் தீர்ப்பை எழுதியது கேள்வி எடுத்தவரின் கை.

சரிசெய்ய எல்லாக் கேள்விகளையும் மாற்ற வேண்டியதில்லை. ஏழு மதிப்பெண் பகுதியில் முதல் கேள்வியை ‘இயக்க விதிகள் அல்லது ஒளியியல்’ என்றே விட்டுவிட்டு, இரண்டாவதை ‘மின்னோட்டவியல் அல்லது ஒலியியல்’ என்று மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. பிறகு சிறு கேள்விகளில், நிரம்பி வழியும் பாடத்திலிருந்து ஒன்றிரண்டை எடுத்து வறண்ட பாடத்தில் போட வேண்டும். திருத்திய தாளில் ஐந்து பாடங்களும் முறையே 15, 17, 11, 18, 15 என்று வந்தன. இரண்டு பாடம் மட்டும் படித்தவர் இனி 25க்கு மேல் போக முடியாது. மூன்று பாடம் படித்தவர் 37 வரை வாங்கலாம். இருவரின் உச்சத்தையும் கூட்டினால் 50ஐத் தாண்டுவது விருப்பத் தேர்வு தரும் சலுகை. அது இருக்கத்தான் செய்யும். படிப்புக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு திரும்பிவிட்டதா என்பதே பார்க்க வேண்டியது.

இந்தக் கட்டம் ஆசிரியரின் மேசையோடு நிற்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்ற பட்டியல் மாணவர் கைக்குப் போனால், எந்தப் பாடத்தை விடலாம் என்பதுதான் முதல் கணக்காக இருக்கும்.

விடைக்குறிப்பைப் பார்க்காமல் எழுதுங்கள்

தெளிவில்லாத கேள்வியைக் கண்டுபிடிப்பதில் கேள்வி எடுத்தவரால் உதவ முடியாது. தான் என்ன கேட்க நினைத்தோம் என்பது அவருக்குத் தெரியும். அதனால் தாளில் இல்லாத சொற்களையும் அவர் கண் படித்துக்கொள்ளும். ஆகவே அதே பாடம் நடத்தும் இன்னொரு ஆசிரியர், விடைக்குறிப்பைப் பார்க்காமல், மாணவரைப்போல் உட்கார்ந்து முழுத் தாளையும் எழுத வேண்டும். எழுதிய பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வேறுபடும் இடத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது கேள்வியை.

மாதிரித் தாளில் ஒரு கணக்கு: ‘15 செ.மீ. குவியத் தொலைவு கொண்ட குவிலென்சு, ஒரு பொருளின் பிம்பத்தை இருமடங்கு பெரிதாக்குகிறது. பொருள் லென்சிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது?’ விடைக்குறிப்பு 22.5 செ.மீ. என்கிறது. எழுதிப் பார்த்த ஆசிரியருக்குக் கிடைத்தது 7.5 செ.மீ. இருவரும் சரி. 22.5 செ.மீ. தொலைவில் வைத்தால் இருமடங்கு பெரிய மெய் பிம்பம், தலைகீழாக. 7.5 செ.மீ. தொலைவில் வைத்தால் அதே இருமடங்கில் மாய பிம்பம், நேராக. உருப்பெருக்கியில் எழுத்தைப் படிக்கும்போது நாம் பார்ப்பது இந்த இரண்டாவது பிம்பத்தை. கேள்வியில் ‘மெய்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் விடை ஒன்றாகிவிடும்.

இன்னொரு கேள்வி: ‘2 ஓம், 3 ஓம், 6 ஓம் மின்தடைகள் இணைக்கப்பட்டுள்ளன. தொகுபயன் மின்தடையைக் காண்க.’ தொடரிணைப்பு என்றால் 11 ஓம், பக்க இணைப்பு என்றால் 1 ஓம். இந்த மூன்று எண்களும் பக்க இணைப்பில் அழகாக 1 தரும் என்பதற்காகவே கேள்வி எடுத்தவர் அவற்றைத் தேர்ந்திருப்பார். அந்த அழகில் மயங்கியதில் இணைப்பின் பெயரே விட்டுப்போயிற்று.

நம் பேச்சு வழக்கும் சில கேள்விகளில் கால்வாரும். ‘60 கிலோ எடையுள்ள ஒருவர்’ என்று கடைவீதியில் சொல்லலாம். இயக்க விதிகள் பாடத்தில் எடை என்பது விசை, அதன் அலகு நியூட்டன். 60 கிலோகிராம் என்பது நிறை. பாடத்தை ஊன்றிப் படித்த பிள்ளைதான் இங்கே தடுமாறும். புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று எடுத்தால் விடை 588 நியூட்டன், 10 என்று எடுத்தால் 600. எதை எடுக்க வேண்டும் என்பதைக் கேள்வியே சொல்லிவிட வேண்டும்.

அளவு தெரியாத கேள்வி இன்னொரு வகை. ‘ஒளிவிலகல் பற்றி எழுதுக’ என்று நான்கு மதிப்பெண்ணுக்குக் கேட்டால், ஒருவர் வரையறையும் படமும் தருவார், ஒருவர் இரண்டு விதிகளை எழுதுவார், இன்னொருவர் தண்ணீர்த் தொட்டியில் வளைந்து தெரியும் பென்சிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவார். ‘பற்றி எழுதுக’, ‘விளக்குக’, ‘குறிப்பு வரைக’ ஆகிய மூன்றும் வந்த இடங்களில் எல்லாம் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டுவிடலாம். ‘ஒளிவிலகலை வரையறுத்து, அதன் இரு விதிகளையும் கூறி, அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டு தருக’ என்றால் 1, 2, 1 என்று மதிப்பெண்ணும் தானாகப் பிரிந்துவிடுகிறது.

தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகும் தாள்களில் மொழிபெயர்ப்பு தனிச் சிக்கல். 2018 நீட் தேர்வின் தமிழ்த் தாளில் 180 கேள்விகளில் 49 கேள்விகள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன என்று வழக்கு வந்தது. கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த ஜூலையில் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்துப் பின்னர் ரத்து செய்தது. மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது அந்தத் தேர்வின் விதி. தேர்வு அறையில் அந்த விதியால் தமிழ்வழி மாணவருக்கு ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் அவர் படிப்பது தமிழ்ப் பகுதியைத்தான். எனவே சரிபார்ப்பவர்களில் ஒருவராவது ஆங்கிலப் பகுதியை மூடிவைத்துவிட்டுத் தமிழை மட்டும் படித்து விடை எழுத வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் படித்தால் தமிழில் உள்ள குறையை ஆங்கிலம் இட்டு நிரப்பிவிடும்.

கடிகாரமும் ஸ்டெப் மார்க்கும்

அதே ஆசிரியர் எழுதும்போது ஒவ்வொரு கேள்விக்கும் ஆன நேரத்தை ஓரத்தில் குறித்துக்கொண்டால் மூன்றாவது சோதனையும் பாதி முடிந்துவிடும். 90 நிமிடத்தில் படிக்கவும் சரிபார்க்கவும் 10 நிமிடம் போனால் மீதி 80. ஐம்பது மதிப்பெண்ணுக்குப் பிரித்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். ஆசிரியருக்கு ஆகும் நேரத்தைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு மாணவருக்கு ஆகும் என்பது அனுபவக் கணக்கு.

மாதிரித் தாளின் இரண்டு மதிப்பெண் பகுதியில் ஒரு கேள்வி: 4 ஓம், 12 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில் உள்ளன. அவற்றோடு 3 ஓம் மின்தடை தொடரிணைப்பில் உள்ளது. 12 வோல்ட் மின்கலத்தில் இணைத்தால் 4 ஓம் மின்தடையில் பாயும் மின்னோட்டம் என்ன? முதலில் பக்க இணைப்பின் மின்தடை 3 ஓம் என்று காண வேண்டும். பிறகு மொத்தம் 6 ஓம். மொத்த மின்னோட்டம் 2 ஆம்பியர். பக்க இணைப்பின் குறுக்கே 6 வோல்ட். கடைசியில் 4 ஓம் வழியே 1.5 ஆம்பியர். ஐந்து படிகள், ஆசிரியருக்கே மூன்று நிமிடம். மாணவருக்கு ஏழெட்டு நிமிடம் ஆகும், கிடைப்பதோ 2 மதிப்பெண்.

நான்கு மதிப்பெண் பகுதியில் இன்னொன்று: ‘நியூட்டனின் மூன்று இயக்க விதிகளையும் கூறுக.’ மனப்பாடம் செய்தவர் ஐந்து நிமிடத்தில் எழுதிவிடுவார். இங்கே இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. நான்கு மதிப்பெண்ணை மூன்று விதிகளுக்கு எப்படிப் பங்கிடுவது? ஒருவர் இரண்டாம் விதிக்கு 2 கொடுப்பார், இன்னொருவர் எழுத்தழகுக்கு 1 சேர்ப்பார். இரண்டு விதி மட்டும் எழுதிய தாள் ஒருவர் கையில் 2, இன்னொருவர் கையில் 3 வாங்கும். தேர்வுக்கு முன்பே விடைக்குறிப்பை ஸ்டெப் மார்க்கோடு எழுதியிருந்தால் இந்தச் சிக்கல் அப்போதே தலைகாட்டியிருக்கும். மதிப்பெண்ணைப் பிரிக்க முடியாமல் பேனா நின்றால் கேள்வியைத்தான் மாற்ற வேண்டும்.

தீர்வு இடமாற்றம்தான். மின்சுற்றுக் கணக்கு நான்கு மதிப்பெண்ணுக்குப் போகிறது: மொத்த மின்தடைக்கு 1, மொத்த மின்னோட்டத்துக்கு 1, மின்னழுத்தத்துக்கு 1, விடைக்கு 1. முதல் படியில் கூட்டல் பிழை செய்தவர் அந்தப் பிழையான எண்ணை வைத்துக்கொண்டு மற்றப் படிகளைச் சரியாகச் செய்திருந்தால் அவற்றின் மதிப்பெண் கிடைக்க வேண்டும் என்பதையும் விடைக்குறிப்பிலேயே எழுதிவிட வேண்டும். நியூட்டன் கேள்வி அங்கேயே இருக்கலாம். ‘ஒவ்வொன்றையும் கூறி, மூன்றாம் விதிக்கு ஓர் எடுத்துக்காட்டு தருக’ என்றால் நான்கு கூறுகளுக்கு நான்கு மதிப்பெண்.

விருப்பத் தேர்வு உள்ள பகுதியில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் வலிக்கும். ‘அல்லது’ என்ற சொல்லுக்கு மேலே மனப்பாடக் கேள்வியும் கீழே ஆறு படிக் கணக்கும் இருந்தால், தெரிந்த துணிவில் கணக்கை எடுத்தவர் நேரத்தை இழந்து கடைசிக் கேள்வியை எழுத முடியாமல் போவார். இரண்டு பக்கத்திலும் படிகளின் எண்ணிக்கையும் கடிகார நேரமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும்.

தேர்வு முடிந்த பிறகும்

இத்தனை சல்லடைக்கும் தப்பும் கேள்விகள் உண்டு. அவை விடைத்தாள்களில் அகப்படும். 40 பேர் கொண்ட வகுப்பில் மொத்த மதிப்பெண்ணில் முன்னணியில் இருக்கும் 11 பேரின் தாள்களையும் கடைசி 11 பேரின் தாள்களையும் தனியே எடுக்க வேண்டும். 1939இல் ட்ரூமன் கெல்லி என்ற அமெரிக்க உளவியலாளர் பரிந்துரைத்த 27 சதவீதக் கணக்கு இது. பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு கட்டிலும் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்று எண்ண வேண்டும். நல்ல கேள்வியில் மேல்கட்டு தெளிவாக முந்தும். இரண்டும் சமமாக வந்தாலோ மேல்கட்டு பின்தங்கினாலோ அந்தக் கேள்வியை மறுபடி படித்துப் பார்க்க வேண்டும். ஒரு வகுப்பின் எண்ணிக்கை சிறியது என்பதால் இது சந்தேகத்தைத்தான் எழுப்பும், தீர்ப்புச் சொல்லாது.

திருத்திய மாதிரித் தாளில் ஒலியியலுக்காகச் சேர்த்த ஒரு மதிப்பெண் கேள்வி ஒன்று இப்படி மாட்டிக்கொள்ளக்கூடியது: ‘எதிரொலி கேட்கத் தேவையான குறைந்தபட்சத் தொலைவு என்ன?’ விடைக்குறிப்பில் 17.2 மீட்டர். நொடிக்கு 344 மீட்டர் போகும் ஒலி, சுவருக்குப் போய்த் திரும்ப, காது பிரித்தறியும் பத்தில் ஒரு பங்கு நொடியாவது ஆக வேண்டும் என்ற கணக்கு. நன்றாகப் படித்தவர்களில் சிலர் 34.4 என்று எழுதியிருப்பார்கள். ஒலி கடந்த தொலைவு அதுதான், போக ஒன்று, வர ஒன்று. கேள்வியில் எந்தத் தொலைவு என்று இல்லை. இரண்டு விடைக்கும் மதிப்பெண் கொடுத்துவிட்டு, வினா வங்கிக்குப் போகும் படியில் ஆசிரியர் ‘ஒலி மூலத்திலிருந்து சுவர் வரை’ என்ற நான்கு சொற்களைக் கேள்வியின் நடுவே செருகுகிறார். பக்கத்தில் 344 என்ற எண்ணையும் எழுதுகிறார், அடுத்த முறை யாரும் 340 போட்டு 17 என்று எழுதித் தடுமாறாமல் இருக்க.